‘மற்றவை’ என்ற கட்டம்

அன்பர்களே, கணக்கெடுப்புப் படிவத்தில் பாலினம் கேட்பது ஒரு வரி வேலைதான். அந்த ஒரு வரி எப்படிச் சறுக்கும் என்பதை இங்கிலாந்து, வேல்ஸ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது.

‘நீங்கள் உணரும் பாலினமும் பிறந்தபோது பதிவான பாலும் ஒன்றுதானா?’ என்று 16 வயது நிரம்பியவர்களிடம் கேட்டார்கள். விரும்பினால் பதில் சொல்லலாம். 94 சதவீதம் பேர் சொன்னார்கள்; ஆக, கட்டாயப்படுத்தாததால் பதில் குறைந்துவிடவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சுமார் 2,62,000 பேர் ‘இல்லை’ என்றார்கள். அவர்களில் ஏறத்தாழ 1,18,000 பேர் பக்கத்துக் கட்டத்தில் தங்கள் அடையாளத்தை எழுதவே இல்லை. ஆங்கிலம் சரளமாக வராதவர்களிடையே ‘இல்லை’ வழக்கத்துக்கு மீறி அதிகம். கேள்வி விளங்காமல் டிக் அடித்தவர்களும் இதில் கலந்திருக்கலாம் என்ற ஐயம் வலுத்து, 2024இல் அந்த எண்கள் தரச்சான்று பெற்ற புள்ளிவிவரம் என்ற தகுதியை இழந்தன.

ஸ்காட்லாந்து 2022இல் நேராகக் கேட்டது: ‘உங்களைத் திருநர் என்றோ, திருநர் வரலாறு உள்ளவர் என்றோ கருதுகிறீர்களா?’ இங்கே குழம்பியவர் ‘இல்லை’ என்று சொன்னால் பெரும்பான்மையோடு சேர்வார். சிறிய எண்ணிக்கை வீங்காது.

இங்கிலாந்துக் கேள்வியைத் தமிழில் அப்படியே வைத்தால் இன்னும் மோசமாகும். பாலும் பாலினமும் நம் பேச்சில் ஒன்றுதான். அதனால் மக்களுக்குத் தெரிந்த பெயர்களையே வையுங்கள்: பெண், ஆண், திருநங்கை, திருநம்பி, ‘வேறு சொல்லில் சொல்கிறேன்’ என்று எழுத இடம், கடைசியாக ‘சொல்ல விரும்பவில்லை’. ‘மற்றவை’ வேண்டாம். அது அஃறிணை, ஆளைப் பற்றிய படிவத்தில் அச்சொல்லை எப்படித்தான் இத்தனை காலம் விட்டுவைத்தோமோ! திருநங்கை ஒருவர் ‘பெண்’ என்று குறித்தால் அதைத் திருத்தாதீர்கள். திருநர் எண்ணிக்கை தேவையென்றால் ஸ்காட்லாந்துபோல் தனிக் கேள்வி கேளுங்கள்.

‘சொல்ல விரும்பவில்லை’ என்பதற்கும் வெற்றுக் கட்டத்துக்கும் தனித்தனி குறியீடு கொடுங்கள். முதலாவது மறுப்பு, இரண்டாவது விடுபட்டது. வெற்றுக் கட்டங்கள் ஒரே களப்பணியாளரின் தாள்களில் குவிந்திருந்தால், அவர் கேட்கவே கூச்சப்பட்டிருக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். முகத்தைப் பார்த்து அவரே நிரப்பும் பழக்கமும் உண்டு. அந்தத் தாள்களில் ஆண், பெண் தவிர எதுவும் வராது, மறுப்பும் ஒன்றுகூட இருக்காது.

சாதி விவரம் கேட்பதில் ஆபத்து திண்ணையில்தான். பக்கத்து வீட்டார் காதில் விழ யாரும் சாதியைச் சொல்லக் கூடாது. இடஒதுக்கீட்டு நிலை மட்டும் தேவையென்றால் பொது, பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.சி. அருந்ததியர், எஸ்.டி. போதும், சாதிப் பெயர் வேண்டாம். ‘சாதி இல்லை’, ‘தெரியவில்லை’, ‘சொல்ல விரும்பவில்லை’ மூன்றையும் சேருங்கள். மூன்றும் வேறுவேறு பதில்கள். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்பதைக் கேள்விக்கு மேலேயே இரண்டு வரியில் அச்சிடுங்கள். பிறகு கேள்வி அச்சிட்ட அட்டையையும் பேனாவையும் பதில் சொல்பவர் கையில் கொடுத்து, நிரப்பி மடித்துத் தரச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் கொடுத்துத் தனியிடத்தில் படித்துக் காட்டுங்கள். அவர் எண்ணை மட்டும் சொன்னால் போதும்.