கொதிநீர் ஊற்றினால் தண்ணீர் பாட்டில் ஏன் சுருங்குகிறது?

[திரையில்: தெளிவான தண்ணீர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றப்படுகிறது. பாட்டில் சுருங்கிக் கோணலாகிறது.]

இந்தப் பாட்டில் பெட் என்ற பாலிமரால் ஆனது. அது உருக ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். கொதிநீரோ 100 டிகிரிதான். ஆகவே பாட்டில் உருகவில்லை. வேறு ஏதோ நடந்திருக்கிறது.

[திரையில்: பாட்டில் சுவரின் உட்புறம், நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்.]

உள்ளே சில இடங்களில் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிப் படிகமாக இருக்கின்றன. மற்ற இடங்களில் இடியாப்பம்போல் பின்னிக் கிடக்கின்றன. படிகம் கலைவதுதான் உருகுதல். பின்னிக் கிடக்கும் பகுதிக்கு உருகுநிலையே கிடையாது. சுமார் 75 டிகிரிக்குக் கீழே அது அசையாமல் விறைத்திருக்கும். அதைத் தாண்டினால் சங்கிலிகள் நெளியத் தொடங்கி ரப்பர்போல் இளகிவிடும். இதுவே கண்ணாடி நிலைமாற்றம். பாட்டிலை ஊதும்போது இழுபட்ட நிலையிலேயே குளிர்ந்து மாட்டிக்கொண்ட சங்கிலிகள், கொதிநீர் பட்டதும் விடுபட்டுச் சுருங்குகின்றன.

படிகமே இல்லாத பெட், இந்த எல்லையைக் கடந்தால் விறைப்பில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். படிகங்கள் இருந்தால் அவை இளகிய பகுதியை ஆங்காங்கே கட்டிப்பிடித்து நிறுத்தும். வீழ்ச்சி பல மடங்கு குறையும். ஓவனில் வைக்கும் பெட் உணவுத் தட்டுகள் தாக்குப்பிடிப்பது இதனால்தான். ஆனால் அந்தத் தட்டுகள் ஒளி புகாதவை.

அப்படியானால் படிகம் என்றாலே வெண்மையா? இல்லை. இந்தப் பாட்டிலின் சுவரிலேயே கால் பங்கு அளவுக்குப் படிகம் உண்டு! முடிவு செய்வது ஒவ்வொரு படிகமும் எவ்வளவு பெரியது என்பதுதான்.

[திரையில்: சோதனைக் குழாய் வடிவில், திருகு மரையுடன் ஒரு ப்ரீஃபார்ம்.]

பாட்டில் முதலில் இப்படித்தான் பிறக்கிறது. உருகிய பெட்டைக் குளிர்ந்த அச்சில் சட்டென்று ஆறவைப்பதால் சங்கிலிகளுக்கு அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. பிறகு ப்ரீஃபார்மைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கி, நீளவாக்கில் இழுத்துக் காற்றால் ஊதுகிறார்கள். இழுவையில் சங்கிலிகள் இழுபடும் திசைகளில் திரும்பி, ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய படிகங்களாகின்றன. ஒளி அவற்றில் சிதறுவதில்லை. விறைப்பும் தெளிவும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இழுக்காமல் சூட்டில் வைத்திருந்தால் கதை வேறு. படிகங்கள் மையத்திலிருந்து வளர்ந்து மைக்ரான் அளவுக் கோளங்களாகும். படிகமும் பின்னிக் கிடக்கும் பகுதியும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் ஒளி சிதறி, பால்போல் வெளுக்கும். சூடான பழச்சாறு நிரப்பும் பாட்டில்கள் சிலவற்றில் கழுத்தை வேண்டுமென்றே இப்படி வெளுக்க வைக்கிறார்கள். மரை கோணாமல் மூடி இறுகப் பிடிக்க அது உதவுகிறது.

[திரையில்: வெளுத்த இரண்டு பாட்டில்கள் அருகருகே.]

ஆலையில் ஒரு பாட்டில் வெளுத்து வந்தால் உடனே சூட்டைக் குறைப்பது தவறு. இடப்பக்கம் இருப்பது பால்போன்ற மங்கல். ப்ரீஃபார்ம் அதிகமாகச் சூடாகிவிட்டது. வலப்பக்கம் இருப்பதில் முத்துப் பளபளப்பு. சூடு போதாமல் இழுத்ததால் சுவருக்குள் நுண்ணிய விரிசல்கள் விழுந்திருக்கின்றன. இதற்குச் சூட்டைக் கூட்ட வேண்டும்.