கோப்பை எங்கே நடுங்குகிறது?

வணக்கம் நேயர்களே. கோப்பையைத் தூக்கினால் கை லேசாக நடுங்குகிறது, வேறொன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை நரம்பியல் மருத்துவராக நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். பலர் காரணத்தையும் அவர்களே முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். காபி அதிகம், பதற்றம், நரம்புத் தளர்ச்சி என்பார்கள். நான் கேட்பது இரண்டே கேள்வி. கோப்பை எந்த இடத்தில் நடுங்குகிறது? எத்தனை காலமாக?

எல்லோர் கையிலும் நடுக்கம் உண்டு. வினாடிக்கு ஏறக்குறைய 8 முதல் 12 முறை அசையும், கண்ணுக்குத் தெரியாது. காபியில் உள்ள காஃபின், பதற்றம், அளவுக்கு மீறிச் சுரக்கும் தைராய்டு ஆகிய மூன்றும் இந்த இயல்பான நடுக்கத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டுகின்றன. அதனால் காரணம் விலகினால் நடுக்கமும் அடங்கிவிடும். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஓரிரு நாள் நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எசென்ஷியல் டிரெமர் என்ற நடுக்க நோய் அப்படியில்லை. சிறுமூளையையும் அதோடு இணைந்த நரம்புப் பாதைகளையும் சார்ந்தது அது. காபியை விட்டாலும் இருக்கும். ஆனால் காபியும் பதற்றமும் அதையும் கூட்டும், இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காபியை விட்டேன், குறைந்தது, ஆகவே காபிதான் காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். குறைவது வேறு, போய்விடுவது வேறு. இதை இன்னொரு முறை சொல்கிறேன்: குறைவது வேறு, போய்விடுவது வேறு.

கணக்கு எழுதும் வேலையில் இருந்த ஒருவர் வந்தார், வயது ஐம்பத்தெட்டு. "டாக்டர், நாலு பேர் முன்னால கோப்பையைத் தூக்கவே பயமா இருக்கு, இது பயம்தானே?" என்று கேட்டார். காபியை ஒரு மாதம் விட்டுப் பார்த்திருக்கிறார், கொஞ்சம் குறைந்ததாம். "வீட்டில் யாரும் இல்லாதபோது சிந்தாதா, ஐயா?" என்றேன். யோசித்துவிட்டு, "சிந்தும்" என்றார்.

ஒரு கோப்பைத் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னேன். மடியில் வைத்திருந்தவரை கை அமைதியாக இருந்தது. தூக்கியதும் சிறு அசைவு. உதட்டை நெருங்க நெருங்க அது பெரிதானது. கடைசி அங்குலத்தில் தண்ணீர் தளும்ப, அவர் கோப்பையை உயர்த்துவதை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்தார். பழகிப்போனதால் தாம் குனிவது அவருக்கே தெரியவில்லை. இரண்டு கையிலும் இருந்தது, வலது கையில் சற்று அதிகம். இலக்கை நெருங்கும்போது நடுக்கம் கூடுவது எசென்ஷியல் டிரெமரில் நான் அடிக்கடி பார்ப்பது. பார்கின்சன் நோயில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, மடியில் சும்மா கிடக்கும் கைதான் ஆடும்.

அடுத்த முறை வரும்போது பழைய கையெழுத்துப் போட்ட காகிதங்களைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு கட்டே கொண்டுவந்தார். வருட வரிசையில் மேசையில் அடுக்கினோம். ஆறு வருடத்துக்கு முந்தைய கையெழுத்திலேயே வளைவுகள் அலை அலையாக இருந்தன. அதற்கும் முந்தையது வழுவழுவென்று இருந்தது. அவரே அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு வயதான பிறகு தலை ஆடிக்கொண்டே இருக்கும், வேண்டாம் வேண்டாம் என்பது மாதிரி" என்றார். பலருக்கு இது குடும்பத்தில் வருவது. குறைந்தது மூன்று ஆண்டுகளாக இரண்டு கைகளிலும் இருந்து, நடை தடுமாற்றம் போன்ற வேறு நரம்புக் குறைகள் இல்லையென்றால்தான் இந்தப் பெயரையே சொல்கிறோம். அதனால்தான் பழைய காகிதங்களை விடாமல் கேட்கிறேன். நினைவைவிட அவற்றை நம்பலாம்.

சரி, தைராய்டு. அது வாரங்களிலோ மாதங்களிலோ வந்து சேரும். நீட்டிய விரல்களில் மெல்லிய, வேகமான நடுக்கம் தெரியும். உள்ளங்கை வெதுவெதுப்பாக ஈரமாக இருக்கும், பதற்றத்தில் என்றால் சில்லென்று ஈரமாக இருக்கும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும், தூக்கத்தில்கூட நாடி வேகமாக ஓடும். பதற்றக்காரரின் நாடி தூங்கும்போது அடங்கிவிடும். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். அந்தக் கணக்கருக்கும் செய்தேன், சரியாகவே இருந்தது.

மாத்திரைக்கு முன்னால் இந்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். ஏனென்றால் எசென்ஷியல் டிரெமருக்குத் தரும் ப்ரொப்ரனலால், தைராய்டு நடுக்கத்தையும் படபடப்பையும்கூட அடக்கிவிடும். நடுக்கம் நின்றது என்று நிம்மதியாக இருப்போம், உள்ளே தைராய்டு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். சிகிச்சையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ப்ரொப்ரனலால், ப்ரிமிடோன் இரண்டும் நடுக்கத்தைக் குறைக்கும், நோயை நீக்காது. தொல்லை இல்லாதவருக்கு மாத்திரையே வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் ப்ரொப்ரனலால் எடுத்தால் மூச்சுக்குழாய் இறுகிவிடலாம், அதனால் ஆஸ்துமா இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் உறிஞ்சும் சால்பியூட்டமாலே கையை நடுங்க வைக்கும் என்பதால், அந்த இன்ஹேலரையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். வணக்கம்.