பாதியோடு பதினான்கு

வணக்கம், நேயர்களே. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கேட்பவர்கள் பலர் இருப்பீர்கள். மின்விசிறி ஒன்றா, இரண்டா, நான்கா, எந்த எண்ணில் சுற்றுகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்.

நான் கட்டட வடிவமைப்பில் இருப்பவன். ஒரு வகுப்பறையோ அலுவலகமோ வரையும்போது முதலில் எழும் கேள்வி, உள்ளே எவ்வளவு வெப்பம் இருக்கலாம் என்பது. குளிரூட்டி வைக்கிற கட்டடத்துக்கு ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போகலாம். ஜன்னலும் மின்விசிறியும்தான் துணை என்றால் அது முடியாது. வெளியே மாறுவதற்கு ஏற்ப உள்ளேயும் மாறிக்கொண்டே இருக்கும். அப்படியானால் எதுவரை சரி, எதற்கு மேல் சரியில்லை?

நெடுங்காலம் இதற்கு ஆய்வுக்கூடத்தில் பதில் தேடினார்கள். மூடிய அறையில் ஆட்களை உட்கார வைத்து, வெப்பத்தைக் கூட்டிக் குறைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். டென்மார்க்கில் ஃபாங்கர் என்ற பேராசிரியர் 1970 வாக்கில் வகுத்த சமன்பாடு அந்த வழியில் வந்தது. குளிரூட்டிய கட்டடங்களுக்கு அது இன்றும் உதவுகிறது. ஆனால் ஜன்னல் திறந்த கட்டடங்களில் போய் நேரில் கேட்டபோது கணக்கு பொருந்தவில்லை. சமன்பாடு புழுங்குகிறது என்று சொன்ன இடத்தில், உட்கார்ந்திருந்தவர்கள் பரவாயில்லை என்றார்கள்.

1998இல் டி டியர், பிரேகர் என்ற இருவர் நான்கு கண்டங்களில் 160 கட்டடங்களிலிருந்து சேர்ந்த ஏறக்குறைய 21,000 பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஜன்னலைத் தானே திறந்து மூட முடிகிறவருக்கு இதமான வெப்பநிலை, வெளியே அண்மையில் நிலவிய வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தெரிந்தது. உடல் பழகுகிறது, உடை மாறுகிறது, ஜன்னல் திறக்கிறது, எதிர்பார்ப்பும் மாறுகிறது. மார்கழியில் போர்த்திக்கொண்டு படுத்தவர்தான் பங்குனியில் மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

நம் நாட்டுக்கென்று இதைச் செய்தவர்கள் அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தார். அகமதாபாத், பெங்களூரு, சென்னை, தில்லி, சிம்லா ஆகிய ஐந்து ஊர்களின் அலுவலகங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் வாங்கினார்கள். அதில் பிறந்த சூத்திரம் ஐமேக் என்ற பெயரில், 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம் பெற்றது. வானொலியில் சூத்திரம் சொன்னால் காற்றோடு போய்விடும் என்று தெரியும். இருந்தாலும் ஒரு முறை சொல்கிறேன்: வெளி வெப்பத்தை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்ட வேண்டும்.

மனக்கணக்காக வைத்துக்கொள்ள இன்னும் எளிய வழி உண்டு. என் மாணவர்களுக்கு நான் சொல்வது, பாதியோடு பதினான்கு. வெளி வெப்பத்தில் பாதி, அதோடு 14. வெளியே 25 முதல் 31 டிகிரி வரை இருக்கும்போது, சூத்திரம் தரும் விடைக்கும் இதற்கும் கால் டிகிரிகூட வித்தியாசம் வராது.

வெளி வெப்பம் என்றால் இன்றைய உச்சி வெயில் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடந்த 30 நாளின் சராசரி. ஒவ்வொரு நாளும் வானிலை அறிக்கையில் அதிகபட்சம், குறைந்தபட்சம் சொல்கிறார்கள் அல்லவா? இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அப்படி 30 நாளுக்கு எடுத்துச் சராசரி பாருங்கள். சித்திரை பிறக்கும் வாக்கில் சென்னையில் அது 30 என்று வைத்துக்கொள்வோம். பாதி 15, அதோடு 14, ஆக 29. இதற்கு மேலும் கீழும் ஏறக்குறைய 2.4 டிகிரி விட்டுக்கொடுக்கலாம், பத்தில் ஒன்பது பேர் ஏற்றுக்கொள்வார்கள் என்பது கணக்கு. அப்படியென்றால் 26.6லிருந்து 31.4 வரை. தை மாதத்தில் சராசரி 25 என்றால் நடு எண் 26.5 ஆகிவிடும், மேல் எல்லையும் 29க்குக் கீழே இறங்கிவிடும். ஒரே அறை, ஒரே ஆட்கள். சித்திரையில் 31 டிகிரியைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் தையில் அதே 31இல் புழுக்கம் என்பார்கள். அதனால்தான் வருடம் முழுவதற்கும் ஒரே எண்ணை எழுதாதீர்கள், மாதத்துக்கு ஒரு வரம்பு போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, 31.4 என்று எல்லை போட்டாயிற்று. அதை எதைக் கொண்டு அளப்பது? இங்கே எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஒரு வகுப்பறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சென்னையில் ஒரு பள்ளி. இரண்டாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏழாம் வகுப்பு. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். “சார், கீழ் வகுப்பிலயும் இதே ஃபேன், இதே ஜன்னல்தான். அங்க பிள்ளைங்க பாட்டுக்கு உக்காந்திருக்கு. மேல மத்தியானம் ஆச்சுன்னா ஒருத்தரும் பாடம் கவனிக்க மாட்டேங்கிறாங்க. ஃபேனைப் போட்டா மேலேர்ந்து அனலை வாரிக் கொட்டுது” என்றார். நான் வெப்பமானியோடு போயிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வகுப்பில் 31. கடற்காற்றும் வந்துவிட்டது. சித்திரைக் கணக்கில் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எண் ஒன்று சொல்கிறது, பிள்ளைகள் வேறு சொல்கிறார்கள் என்றால், பிள்ளைகளை நம்பிவிட்டு எண்ணைச் சந்தேகப்பட வேண்டும்.

மறுநாள் ஒரு மேஜைப் பந்து வாங்கிக்கொண்டு போனேன். டேபிள் டென்னிஸ் ஆடுகிற சாதாரணப் பந்துதான். கறுப்பு வண்ணம் பூசி, சிறு துளை போட்டு, இன்னொரு வெப்பமானியின் முனையைப் பந்தின் நடுவில் நிறுத்தி, துளையை அடைத்துவிட்டேன். வெறும் வெப்பமானியையும் பந்து மாட்டியதையும் பிள்ளைகளின் தலை உயரத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே வராமல், பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டோம். காலை ஒன்பது மணிக்கு இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. மூன்று மணிக்கு வெறும் வெப்பமானி 31, பந்து 33. கீழ் வகுப்பில் அதே நேரத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை.

வெறும் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும்தான் சொல்கிறது. கறுப்புப் பந்து காற்றோடு சேர்த்து, சுற்றியுள்ள சுவர், தளம் எல்லாம் வீசுகிற வெக்கையையும் வாங்கிக்கொள்கிறது. நம் உடம்பும் அப்படித்தான். அடுப்புக்கு எதிரே நின்றால் காற்றை விட முகம்தான் முதலில் சுடுகிறது அல்லவா? இந்த இரண்டும் சேர்ந்த அளவைத்தான் பொறியாளர்கள் ஆப்பரேட்டிவ் டெம்பரேச்சர் என்கிறார்கள். காற்று மெதுவாக இருந்தால், காற்றின் வெப்பத்துக்கும் சுற்றுப்பரப்புகளின் சராசரி வெப்பத்துக்கும் நடுப்புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். ஐமேக் சொல்லும் எல்லை இந்த அளவுக்குத்தான், காற்றின் வெப்பத்துக்கு அல்ல. மறுபடி சொல்கிறேன், காற்றின் வெப்பத்துக்கு அல்ல. அந்த வகுப்பு எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. சுவரில் மாட்டிய வெப்பமானி அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

குற்றவாளி மேல் தளம். சென்னையில் ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது மேற்குச் சுவரை விடத் தளம் வாங்கும் வெயில் அதிகம். கான்கிரீட் தளம் உச்சி வெயிலைக் குடித்து, சில மணி நேரம் கழித்து அடிப்பக்கமாக அறைக்குள் இறக்குகிறது. அதனால்தான் வெயில் தாழ்ந்த பிறகும் மேல் மாடியில் அனல் அடங்குவதில்லை. தலைமையாசிரியை சொன்னது துல்லியமான கவனிப்பு. தளத்தை ஒட்டிக் கிடக்கும் சூடான காற்றைத்தான் மின்விசிறி கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியைக் கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு கை அடித்தோம். அடுத்த வாரம் அதே மூன்று மணிக்குப் பந்து 31 காட்டியது, காற்று 30.5. எல்லைக்குள் வந்துவிட்டது. மேல் எல்லைக்குப் பக்கத்தில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெள்ளை அழுக்கானால் பழைய கதைதான். ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்பைக் கரைத்துவிடும். மழை ஓய்ந்து, மாசிக்குள் மறுபடி அடித்தால்தான் அந்தக் கோடைக்கு உதவும்.

இந்தக் கணக்கில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. மின்விசிறி இருக்கிறதே, அதற்காக மேல் எல்லையை இன்னும் இரண்டு டிகிரி உயர்த்திக்கொள்ளலாமே என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே வகுத்த தரத்தில் அப்படி ஒரு சலுகை உண்டு. அங்கே அடிப்படை எல்லை தாழ்வாக இருப்பதால் அது பொருந்தும். நம் ஊரில் ஐமேக்குக்குப் பதில் சொன்னவர்கள் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும்போதே பதில் சொன்னவர்கள். அதன் பலன் எல்லைக்குள் ஏற்கனவே சேர்ந்துவிட்டது. மறுபடி கூட்டினால் ஒரே காற்றை இரண்டு முறை எண்ணுகிறோம். மாறாக, மின்சாரம் போய்விட்டால் அந்த எல்லையும் போய்விடும். கடலோர ஊரில் புழுக்கம் மிகுந்த நாளில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் சூத்திரத்தில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லை.

நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள், மூன்று நிமிடம்தான் இருக்கிறது. சூத்திரம் எங்கே நிற்கும் என்பதையாவது சொல்லிவிடுகிறேன்.

முப்பது நாள் சராசரி 31ஐத் தாண்டினால் இதைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு மேல் தரவு இல்லை. சென்னையில் மே மாதக் கடைசியும் ஜூனும் அப்படித்தான். அந்த வாரங்களுக்கும் இதே சூத்திரத்தை நீட்டி 32.5 வரை சரி என்று எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. பதில் சொன்னவர்கள் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். தையல் கூடத்துக்கோ சமையற்கட்டுக்கோ அதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். கைக்குழந்தைக்கும் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும் நிச்சயம் கூடாது.

குளிரூட்டியும் ஜன்னலும் மாறி மாறி ஓடும் கட்டடங்களுக்கு வேறு சூத்திரம்: 0.28ஆல் பெருக்கி 17.87ஐக் கூட்ட வேண்டும். வெளிச் சராசரி 30 என்றால் 26க்குச் சற்று மேலே வரும், மேல் எல்லை கிட்டத்தட்ட 29.7. 2020 முதல் வீட்டுக் குளிரூட்டிகள் 24இல் தொடங்கும்படி விதி இருக்கிறது. அதையும் மின்விசிறியோடு சேர்த்து 26, 27க்கு ஏற்றலாம் என்பதற்கு இந்த எண்களே ஆதாரம். இரவுத் தூக்கத்துக்கு எந்த எல்லை என்பதைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் இல்லை.

பந்து செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. சுவரை ஒட்டித் தொங்கவிடாதீர்கள், நேர் வெயிலும் படக் கூடாது. அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு எண்ணைப் பாருங்கள். வணக்கம்.