பார்ட்னரைப் பிரிந்தோம், வரவேண்டிய காசை மட்டும் உடனே பிரிக்கவில்லை

வணக்கம் மக்களே, இன்றைக்கு வெள்ளவத்தையில் வீட்டு மொட்டைமாடியில் இருந்துதான் கதைக்கிறேன், கடல் காற்று மைக்கில் அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் நானும் நண்பனும் சேர்ந்து நடத்திய அச்சு வேலையை எப்படிப் பிரித்தோம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சண்டை இல்லை, இன்றைக்கும் மச்சான் மச்சான்தான். ஆனால் முதல் நாள் போட்ட திட்டத்திலேயே போயிருந்தால் அந்த உறவு மிஞ்சியிருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மார்ச் 31ஐக் கடைசி நாளாக வைத்தோம், இங்கே வரி வருடமும் அன்றைக்கே முடிவதால் கணக்கு இரண்டு வருடத்தில் சிக்காது. வாடிக்கையாளர்களைப் பிரிப்பது லேசாக முடிந்தது: வேலை என்றால் அவர்கள் முதலில் யாருக்கு ஃபோன் எடுப்பார்கள் என்று பார்த்தோம், சந்தேகமான மூன்று பேரிடம் நேரிலேயே போய்க் கேட்டோம். ஒரு பாடசாலை மலர் வேலை மட்டும் பாதியில் நின்றது. பெப்ரவரியிலேயே 60,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியாயிற்று, அச்சடித்துக் கொடுக்க வேண்டியது ஏப்ரலில். அந்த வேலை அவனுக்குப் போனது, ஆனால் கடதாசியும் மையும் வாங்க அவன் கையிலிருந்தா போடுவான்? அதனால் வங்கியில் கிடந்த பணத்தில் முதலில் அந்த 60,000ஐ எடுத்து அவனிடம் கொடுத்தோம். வேலை யாருக்குப் போகிறதோ அட்வான்ஸும் அவரோடு போகவேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, இனி நிலுவை. எங்களுக்கு வெளியில் 12 லட்சம் வரவேண்டி இருந்தது. "மச்சான், உன்ட ஆட்களின் காசு உனக்கு, என்ட ஆட்களின் காசு எனக்கு" என்றான், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அன்றிரவு பில் புத்தகங்களை விரித்துவைத்துப் பார்த்தேன். அவன் பக்கம் 7 லட்சம், என் பக்கம் 5 லட்சம், அந்த 5இலும் 1,50,000 ஒரு வருடத்துக்கு முன்பே மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையின் கடன். அதைவிடப் பெரிய விசயம், கடதாசிக் கடைகளுக்கு நாங்கள் கொடுக்கவேண்டிய 4 லட்சம் அந்தப் பிரிப்பில் எங்கேயுமே இல்லை.

அதனால் வாடிக்கையாளர் யார் பக்கம் போனாலும், மார்ச் 31 வரைக்குமான காசெல்லாம் பழைய கணக்குக்கே வரவேண்டும், இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால்தான் வெளியே போகும் என்று எழுதிக்கொண்டோம். செப்டெம்பர் முடிய 10,50,000 சேர்ந்தது. முதலில் கடதாசிக் கடைகளுக்கு 4 லட்சம், அடுத்து மெஷின் வாங்கும்போது அவன் கடனாகத் தந்த 2 லட்சம், மிச்சம் 4,50,000ஐ ஆளுக்கு 2,25,000. இந்த ஒழுங்கு நாங்களாகக் கண்டுபிடித்தது அல்ல. இங்கே கூட்டு வியாபாரத்துக்குப் பார்க்கும் 1890ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்திலும் அப்படித்தான், வெளியாள் கடன் முதலில், பிறகு பார்ட்னர் தந்த கடன், அதற்குப் பிறகுதான் போட்ட முதலும் லாபமும். முதல் எங்களுக்குச் சமம் என்பதால் பாதிப்பாதியாக முடிந்தது. மூடிப்போன கடைக் காசு எப்போதாவது வந்தால், அலைந்து வாங்கினவருக்குப் பத்தில் ஒன்று, மீதி சரிபாதி.

வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள். கொம்பனிப் பெயரில் கோடு போட்டு எழுதிய செக்கை உங்கள் சொந்தக் கணக்கில் போடமுடியாது, புறக்கோட்டை வியாபாரத்தில் இரண்டு மூன்று மாதம் தள்ளித் திகதி போட்ட செக்குகள் எப்படியும் வந்துகொண்டிருக்கும். நாங்கள் கொடுத்த செக்கும் யாராவது மேசை லாச்சியில் வைத்திருப்பார், கணக்கு மூடினால் அது திரும்பும், பெயர் போவது இரண்டு பேருக்கும்.

ஒரு பிழை விட்டோம், அதையும் சொல்கிறேன். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவில் மாற்றத்தை அறிவித்தோம், கடைகளுக்கெல்லாம் கடிதம் கொடுத்தோம், ஒன்றை மட்டும் "பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிட்டோம். மே மாதம் அந்தக் கடைக்கார அண்ணர் எனக்கு எடுத்தார்: "தம்பி, உங்கட கொம்பனி பேரில 85,000க்குக் கடதாசி போயிருக்கு, எப்ப தருவீங்கள்?" அவன் பழக்கத்தில் பழைய ஓர்டர் புத்தகத்திலேயே எழுதி, பழைய சீலையும் குத்தி அனுப்பியிருக்கிறான். பிரிந்தது அந்தக் கடைக்குத் தெரியாதவரைக்கும் என்னையும் பார்ட்னராகவே நினைத்துக் காசு கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது, எங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது அவரைக் கட்டாது. மச்சான் அந்தக் கிழமையே கட்டினான், அடுத்த நாள் மீதிப் புத்தகங்களையும் சீலையும் எடுத்துவந்து என் முன்னாலேயே சீலை இரண்டாக வெட்டினான்.

ஒக்டோபரில் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்க் கணக்கை மூடினோம், அப்புறம் வங்கிக்கு எதிரில் ப்ளேன்டீ குடித்துவிட்டு அவன் கொட்டாஞ்சேனைக்கும் நான் வெள்ளவத்தைக்கும் பஸ் ஏறினோம்.