நூறு நாள் வட்டி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இன்று உங்களுக்கு ஒரு கதை சொல்ல வந்திருக்கிறேன். மலைக் கிராமத்துச் சங்கங்களில் பல வருடங்களாகப் பார்த்ததை எல்லாம் சேர்த்து நானே கட்டிய கதை. ஆட்களும் ஊரும் கற்பனைதான். ஆனால் இதில் வரும் தப்பு மாதிரித் தப்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தொகைகளை மட்டும் எளிய எண்களாக வைத்திருக்கிறேன்.

பழனி மலையின் மேல் பக்கம், பூம்பாறையும் தாண்டி ஒரு ஊர். அடுக்கடுக்கான வயல்கள், பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. அந்த ஊர்ப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். சொந்த ஊர் கீழே பெரியகுளம் பக்கம் என்றாலும் ஓய்வுக்குப் பிறகு இறங்கிப் போகவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். கணினி வராத காலம், சங்கத்தில் எல்லாம் கையால் எழுதும் பேரேடுதான்.

செப்டம்பர் மாதக் கடைசி. பக்கத்து வீட்டுப் பெண் அடகு வைத்திருந்த சங்கிலியை அன்றைக்குத்தான் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சந்தோஷமாகக் காட்ட வருகிறாள். அடுப்புக்கு மேலே பூண்டுக் கட்டுகள் புகையில் தொங்குகின்றன, டீச்சர் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சங்கிலியைப் பார்க்கிறார். அதோடு சேர்த்து மடித்து வைத்திருந்த ரசீதையும் வாங்கிப் பார்க்கிறார். அசல் 36,500. வட்டி 2,600. ஆக மொத்தம் 39,100.

"வட்டி ரெண்டாயிரத்து அறுநூறா? எத்தனை நாளைக்கு?"

"தெரியலையே டீச்சர். அவங்க சொன்னாங்க, கட்டிட்டேன்."

நேயர்களே, நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் இதுதான். வட்டி எவ்வளவு என்று கேட்போம், எத்தனை நாளைக்கு என்று கேட்க மாட்டோம்.

டீச்சருக்கு ஒரு பழக்கம். எந்தக் கடனைக் கேட்டாலும் முதலில் அதன் ஒரு நாள் வட்டியைக் கண்டுபிடித்துவிடுவார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் இதுதான் கைவசமிருந்த முதல் கருவி. அந்தச் சங்கத்தில் நகைக்கடனுக்கு வருடத்துக்கு 10 சதவீதம். 36,500 ரூபாய்க்கு ஒரு வருட வட்டி 3,650. அதை 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 10 ரூபாய். அவ்வளவுதான். இந்த ஒரு எண் கையில் இருந்தால் ரசீதைத் திருப்பிப் படிக்கலாம். 2,600 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள், ஒரு நாளைக்கு 10 ரூபாய் என்றால் 260 நாளுக்கு வாங்கியிருக்கிறார்கள்.

சரி, 260 நாள் எங்கிருந்து வருகிறது? டீச்சர் விரல் கணுக்களில் எண்ண ஆரம்பிக்கிறார். அந்தப் பெண் கடன் வாங்கியது ஜனவரி 10-ம் தேதி, அப்போது தொகை 73,000. மார்ச்சில் எடுத்த பூண்டைப் புகையில் காயவைத்து, விலை பார்த்து வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்பி, பணம் கைக்கு வந்ததும் ஏப்ரல் 20 அன்று 38,500 ரூபாய் கட்டியிருக்கிறாள். அந்த ரசீதும் இருக்கிறது. அரிசி டப்பாவில் வைத்திருந்ததை ஓடிப்போய் எடுத்து வருகிறாள்.

நாள் எண்ணுவதில் ஒரு விஷயம். கடன் வாங்கிய நாள், கட்டிய நாள் இரண்டையும் எண்ணக் கூடாது, ஒன்றைத்தான் எண்ண வேண்டும். வாங்கிய நாளை விட்டுவிட்டு மறுநாளில் இருந்து எண்ணுங்கள். ஜனவரியில் 21, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, சேர்த்தால் 80. ஏப்ரலில் 20. ஆக 100 நாள். 73,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 20 ரூபாய், 100 நாளுக்கு 2,000. கட்டிய பணத்தில் முதலில் வட்டி கழியும், மிச்சம்தான் அசலில் குறையும். 38,500-ல் 2,000 வட்டிக்குப் போக 36,500 அசலுக்கு. பாக்கி அசல் 36,500. ஏப்ரல் ரசீதிலும் அப்படியேதான் எழுதியிருக்கிறது. அதுவரை எல்லாம் சரி.

அப்புறம் ஏப்ரல் 20-ல் இருந்து செப்டம்பர் 27 வரை. ஏப்ரலில் மீதி 10, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பரில் 27. கூட்டிப் பாருங்கள், 160 நாள். வாங்க வேண்டிய வட்டி 1,600. வாங்கியது 2,600.

அதிகமாகப் போனது 100 நாள் வட்டி. எந்த 100 நாள் என்று டீச்சருக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரைக்குமான அதே 100 நாள். ஏற்கெனவே வட்டி கட்டித் தீர்ந்த நாட்கள். செப்டம்பரில் கணக்குப் போட்டவர் ஏப்ரல் 20-ல் இருந்து எண்ணாமல் கடன் வாங்கிய தேதியில் இருந்து எண்ணியிருக்கிறார்.

வாசலில் இதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். "ஆயிரம் ரூபாயைச் சாப்பிட்டுட்டான்" என்று ஒருவர் ஆரம்பிக்கிறார். "81 விசாரணை கேட்டு மனுக் கொடுக்கணும்" என்கிறார் இன்னொருவர். கூட்டுறவுச் சட்டத்தில் 81-வது பிரிவு விசாரணைக்கானது, சங்கத்தோடு பழகியவர்களுக்கு அந்த எண் மனப்பாடம்.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்திக்கொள்கிறேன். என் வேலைக் காலம் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான், இன்றும் சொல்லாமல் விட முடியாது. தப்பு வேறு, திருட்டு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் ரசீதுக்கு ஒரு அடிக்கட்டை சங்கத்தில் இருக்கும், அது ஒன்று. அன்றைய வரவு செலவை எழுதும் ரொக்கப் புத்தகம் இரண்டு. உங்கள் பெயரில் பக்கம் போட்டிருக்கும் கடன் பேரேடு மூன்று. கட்டிய தொகை மூன்றிலும் ஒன்றாக இருந்தால் பணம் சங்கத்துப் பெட்டிக்குப் போயிருக்கிறது, கணக்கு மட்டும் தப்பு. ரசீதில் 39,100 என்று இருந்து அடிக்கட்டையில் குறைவாக இருந்தால் சங்கதி வேறு. மறுபடியும் சொல்கிறேன், அடிக்கட்டை, ரொக்கப் புத்தகம், பேரேடு. இந்த மூன்றையும் பார்க்காமல் ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லக் கூடாது. ஒரு தடவை அந்தப் பெயர் வந்துவிட்டால் சின்ன ஊரில் அதைத் துடைக்க முடியாது. அப்படித் தலைகுனிந்து ஊரை விட்டுப் போனவரைப் பார்த்திருக்கிறேன், பிறகு கணக்கு சரியாக வந்தது, அவர் திரும்பி வரவில்லை.

கதைக்கு வருகிறேன். மறுநாள் காலையில் டீச்சர் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போகிறார். செயலாளர் வத்தலக்குண்டில் இருந்து வந்து மேலே அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர். டீச்சர் சத்தம் போடவில்லை. "தம்பி, இவங்க பக்கத்தைக் கொஞ்சம் எடுங்க. நாள் கணக்கு ஒண்ணு பார்க்கணும்" என்கிறார். உறுப்பினரே எதிரில் நிற்கிறார், அவருடைய கணக்கை அவர் பார்ப்பதில் தடை ஒன்றும் இல்லை.

பெரிய பேரேடு, ஓரம் நைந்த காலிகோ அட்டை. பக்கத்தைப் புரட்டினால் ஏப்ரல் 20-ம் தேதி வரி இருக்கிறது. ரசீது எண் இருக்கிறது, அசல் 36,500, வட்டி 2,000, பாக்கி, எல்லாம் இருக்கிறது. 'வட்டி எதுவரை' என்ற கட்டம் மட்டும் காலி. மற்ற வரிகளில் எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்த ஒரு வரியில் எழுத்து உருண்டையாக, நேராக நிற்கிறது.

செயலாளர் முகம் மாறிவிடுகிறது. ஏப்ரலில் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் ஊருக்குப் போயிருந்தார். அந்த ஒரு வாரம் உதவிக்கு வந்தவர் எழுதிய எழுத்து அது. வட்டி எதுவரை என்ற கட்டத்தை அவர் நிரப்பவில்லை. செப்டம்பரில் செயலாளர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார், காலியாக இருந்தது, வட்டியே கட்டவில்லை போல என்று கடன் தேதியில் இருந்து எண்ணிவிட்டார். பக்கத்துக் கட்டத்தில் 2,000 என்று இருந்ததைக் கண் தாண்டிவிட்டது. அடிக்கட்டையும் ரொக்கப் புத்தகமும் எடுத்துப் பார்த்தார்கள், இரண்டிலும் 39,100 சரியாக இருந்தது.

டீச்சர் அத்தோடு எழுந்து வரவில்லை. "இந்தக் கையெழுத்துல இன்னும் எத்தனை பேருக்கு இருக்கும் தம்பி?" என்று கேட்டார். ஒரு தப்பு கிடைத்தால் அது எதனால் வந்தது என்று பார்த்து, அதே காரணம் இருக்கும் இடத்தை எல்லாம் தேட வேண்டும். மற்றவர்கள் கணக்கை டீச்சர் தாமாகப் பார்க்க முடியாது. நிர்வாகக் குழுத் தலைவரிடம் சொன்னார்கள், அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அந்த வாரத்தில் பகுதித் தொகை கட்டியவர்கள் 11 பேர். 4 பேர் கடன் இன்னும் முடியவில்லை, கட்டத்தை நிரப்பினாலே போதும். 7 பேரிடம் கூடுதல் வட்டி வாங்கியாகிவிட்டது.

வேறொரு கணக்கில் தலைகீழாக ஒன்று அகப்பட்டது. தேதியை ஒரு மாதம் தள்ளி எழுதியதால் ஒருவரிடம் 30 நாள் வட்டி குறைத்து வாங்கியிருந்தார்கள். "இதை விட்டுடலாமே டீச்சர், பாவம் அவரு" என்றார் செயலாளர். "கூட வாங்கினதைக் கேட்க வந்தவ, குறைச்சு வாங்கினதைப் பார்த்துட்டு எப்படித் தம்பி சும்மா போவேன்? அதையும் எழுதுங்க" என்றார் டீச்சர். அந்த ஒருவர் டீச்சரின் வீட்டுக்காரர் வழிச் சொந்தம். அதை அவர் செயலாளரிடம் சொல்லவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். வைப்புத்தொகை வட்டி பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், இன்றைக்கு முடியாது. பணம் எப்படித் திரும்பியது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருந்து அப்படியே எடுத்துக் கொடுக்க முடியாது. குழு கூடித் தீர்மானப் புத்தகத்தில் 7 பேரின் தொகையையும் எழுதினார்கள். எல்லாம் அதே நிதியாண்டுக்குள், மார்ச் 31 வருவதற்கு முன்பே கண்டுபிடித்ததால் வட்டி வரவுக் கணக்கில் கழித்துச் செலவுச் சீட்டுப் போட்டுக் கொடுக்க முடிந்தது. ஆண்டுக் கணக்கு முடிந்திருந்தால் இன்னும் சுற்றியிருக்கும்.

அந்தப் பெண் 1,000 ரூபாயை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். செயலாளர் அவள் எதிரிலேயே பேரேட்டில் அந்தக் காலிக் கட்டத்தில் 'ஏப்ரல் 20 வரை' என்று சிவப்பு மையில் எழுதி, திருத்தியதற்கு அடையாளமாகப் பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இதை என் ரசீதுலயும் எழுதித் தரச் சொல்லுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தார்.

வணக்கம்.