உயரத்தை ரவுண்ட் செய்தேன், நார்மல் டேட்டா ஃபெயில் ஆனது!

வணக்கம் நண்பர்களே. 5000 பேரின் உயரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 165 சென்டிமீட்டர், திட்டவிலக்கம் 6. நிஜ மனிதர்கள் கூட இல்லை, சுத்தமான நார்மல் பரவலிலிருந்து கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்த எண்கள். இவற்றை நார்மாலிட்டி சோதனையில் போட்டால் பாஸ். அதே எண்களை முழு சென்டிமீட்டருக்கு ரவுண்ட் செய்து மறுபடி போட்டால் ஃபெயில்! நம்பிக்கை இல்லையா? வீடியோவை நிறுத்திவிட்டு ஆர் மென்பொருளில் நீங்களே ஓட்டிப் பாருங்கள்.

[திரையில்]

```r
x <- rnorm(5000, 165, 6)
shapiro.test(x)
shapiro.test(round(x))
```

ரவுண்ட் செய்யாத எண்கள் 100 தடவையில் 95 தடவை பாஸ் ஆகும். ரவுண்ட் செய்தது கிட்டத்தட்ட ஒவ்வொரு தடவையும் ஃபெயில்.

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். இது ஷபிரோ-வில்க் சோதனை, 1965இல் வந்தது. எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நார்மல் பரவலாக இருந்தால் எப்படி அடுக்கி நிற்குமோ அதோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்து W என்ற எண்ணைத் தரும். 1 என்றால் முழுப் பொருத்தம். `p-value` 0.05க்குக் கீழே போனால் நார்மல் இல்லை என்கிறோம். அவ்வளவுதான்.

சரி, ரவுண்ட் செய்ததில் என்னதான் கெட்டுப்போனது? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு சென்டிமீட்டருக்கு ரவுண்ட் செய்தால் வரும் பிழையின் மாறுபாடு 1/12, அதாவது சுமார் 0.08. உயரங்களின் மாறுபாடு 6 × 6 = 36. பிழை அதில் கால் சதவீதம் கூட இல்லை. அதனால் W 0.9996 பக்கத்திலிருந்து 0.997க்கு இறங்குகிறது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 5000 எண்கள் இருக்கும்போது பாஸ் மார்க், அதாவது `p-value` சரியாக 0.05 ஆகும் W, எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 0.9993! 0.997 அங்கே படுதோல்வி. இதே 0.997 வெறும் 30 பேரின் டேட்டாவில் வந்திருந்தால்? அங்கே பாஸ் மார்க் 0.927 தான். 10 பேர் என்றால் 0.842. அதே பொருத்தம், தீர்ப்பு மட்டும் தலைகீழ். மாறியது டேட்டாவின் வடிவம் இல்லை, எத்தனை பேர் என்பதுதான்.

நகைக்கடைத் தராசு மின்விசிறிக் காற்றுக்கே ஆடும், லாரி எடைமேடையில் மிளகாய்ப் பொட்டலத்தை வைத்தால் முள் அசையாது. நம் சோதனை 5000இல் முதல் தராசு, 10இல் இரண்டாவது.

அந்த 10 பக்கம் வருவோம். வாடிக்கையாளர் ஒருவர் வந்து அடுத்தவர் வரும்வரை ஆகும் நேரம் பெரும்பாலும் எக்ஸ்போனென்ஷியல் பரவலை ஒட்டி வரும். ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் நீண்ட வால். நார்மலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதிலிருந்து 10 எண்களை எடுத்துச் சோதித்தால், பாதிக்கும் மேற்பட்ட தடவை பாஸ்!

[திரையில்]

```r
mean(replicate(10000, shapiro.test(rexp(10))$p.value > 0.05))
```

அப்புறம் அறிக்கையில் "p > 0.05, எனவே டேட்டா நார்மல்" என்று எழுதிவிடுகிறோம். தயவுசெய்து அந்த "எனவே"யை எழுதாதீர்கள். சோதனை சொன்னது "என்னிடம் ஆதாரம் போதவில்லை" என்பது மட்டும்தான். இந்தப் 10 எண்களை நம்பி சராசரிக்கு 95 சதவீத டி-இடைவெளி போட்டால், அது நிஜ சராசரியைப் பிடிப்பது 90 சதவீதத்துக்கு அருகில்தான்.

கொடுமை என்னவென்றால், நார்மல் என்ற அனுமானம் உண்மையிலேயே தேவைப்படும் சின்ன மாதிரியில் சோதனைக்குக் கண் தெரிவதில்லை. 5000இல் மைய எல்லைத் தேற்றம் சராசரியைப் பார்த்துக்கொள்ளும், ரவுண்ட் செய்த உயரங்களில் டி-சோதனை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். அங்கே போய் இது கூச்சல் போடுகிறது. ஆர் மென்பொருளில் 5000க்கு மேல் கொடுத்தால் `sample size must be between 3 and 5000` என்று மறுத்துவிடும். உடனே முதல் 5000 வரிகளை வெட்டி எடுத்துப் போடுகிறவர்கள் உண்டு. அப்படி வெட்டுவதால் எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேற்றம் காப்பாற்றுவது சராசரியை. "100 பேரில் 95 பேரின் உயரம் எந்த எல்லைக்குள்?" என்று தனி மனிதர்களைப் பற்றிக் கேட்டால், எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் பரவலின் வால் எப்படி என்பது முக்கியம்.

நான் செய்வது இது. முதலில் கியூ-கியூ வரைபடம். அடுக்கிய எண்களை, நார்மலாக இருந்தால் வரவேண்டிய எண்களுக்கு எதிரே புள்ளிகளாக வைப்பது; நார்மல் என்றால் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கும். ரவுண்ட் செய்த உயரங்கள் அதில் நேர்கோட்டின் மேலேயே குட்டிக் குட்டிப் படிக்கட்டாக நிற்கும், பிரச்சினை இல்லை. எக்ஸ்போனென்ஷியல் என்றால் நிறைய எண்கள் இருக்கும்போது வில்லாக வளையும். 10 எண்கள்தான் என்றால் படமும் தடுமாறும். அதனால் அதே அளவில் எட்டு நிஜ நார்மல் மாதிரிகளை உருவாக்கி, நம் படத்தையும் நடுவில் கலந்து, விஷயம் தெரியாத நண்பரிடம் "எது வேறு மாதிரி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் உங்கள் படத்தையே காட்டினால் டேட்டாவை மறுபடி பாருங்கள். காட்டாவிட்டால், அந்த அளவீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை வைத்து முடிவெடுங்கள். காத்திருக்கும் நேரம், வருமானம் எல்லாம் வால் நீண்டவை என்று 10 எண்களைப் பார்த்தா தெரியவேண்டும்?

முதல் நிரலில் `round(x)`க்குப் பதில் `round(x, 1)` போட்டு, பாஸா ஃபெயிலா என்று கமென்ட்டில் எழுதுங்கள்.