குமுளிக்குப் போன பில்

வணக்கம் நேயர்களே. கம்பத்தில், கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் செய்து தரும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புதுப் பதிப்பு வரும்போது திரையில் ஒரு குறிப்பு வரும். படிக்காமலே ‘சரி’ என்று தட்டிவிடுவோமே, அதை எழுதுவது என் வேலை.

ஒருநாள் பைப் கடை அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டார். “தம்பி, குமுளிக்காரர் பில்லைத் திருப்பி அனுப்பிட்டார். வரி தப்பாம்” என்றார். பத்தாயிரம் ரூபாய்க்கு பி.வி.சி. பைப், லாரியில் குமுளிக்குப் போயிருக்கிறது. வரி 18 சதவீதம். மாநிலம் தாண்டும் சரக்கு என்பதால் ஐ.ஜி.எஸ்.டி. 1,800 ரூபாய் என்று வந்திருக்க வேண்டும். எங்கள் மென்பொருளோ தமிழ்நாட்டுக்குள் விற்றதுபோல மத்திய வரி 900, மாநில வரி 900 என்று பிரித்திருந்தது. எப்படிப் போட்டாலும் மொத்தம் 11,800தான். அதனால்தான் கடையில் யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் இப்படிப் பிரித்துப் போட்ட வரியைக் குமுளிக்காரர் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது.

வாடிக்கையாளர் விவரத்தில் மாநிலம் காலியாக இருந்தால், விற்பவரின் மாநிலத்தையே மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் குமுளிக்காரருடைய ஜி.எஸ்.டி. எண் 32 என்று தொடங்குகிறது. 32 கேரளம், 33 நாம்.

இதில் எனக்கு வலித்தது என்னவென்றால், இந்தப் பில் போட்ட பிறகு, அண்ணாச்சி கூப்பிடுவதற்கு மூன்று வாரம் முன்பே பிழையைச் சரிசெய்து குறிப்பும் அனுப்பியிருந்தோம். “place_of_supply ஃபீல்டில் நல் ஃபால்பேக் நீக்கப்பட்டது.” நான் எழுதியதுதான். அண்ணாச்சி பார்த்துவிட்டு ‘சரி’ தட்டியிருக்கிறார். அவரை எப்படிக் குறை சொல்வது?

அன்றைக்கே மாற்றி எழுதினேன். “கேரளத்துக்கோ ஆந்திரத்துக்கோ சரக்கு அனுப்புகிறீர்களா? வாடிக்கையாளரின் மாநிலம் காலியாக இருந்தால், பில்லில் ஐ.ஜி.எஸ்.டி.க்குப் பதில் தமிழ்நாட்டு வரி விழுந்தது. இனி அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை வைத்து மாநிலம் எடுக்கப்படும். முன்பு போட்ட பில்கள் தானாக மாறாது. அவற்றின் பட்டியல் ‘அறிக்கைகள்’ பகுதியில் உள்ளது, ஆடிட்டரிடம் காட்டுங்கள்.”

வெளியே சரக்கு அனுப்பாதவர் முதல் கேள்வியோடு நிறுத்திக்கொள்ளலாம். ‘முன்பு போட்ட பில்கள் மாறாது’ என்ற வரியைத்தான் திரும்பவும் சொல்கிறேன். நிரலைத் திருத்தியதும் புரோகிராமருக்கு வேலை முடிந்தது. கடைக்காரரின் கணக்கில் தப்பான பில் அப்படியே கிடக்கிறது. ‘வரிக் கணக்கீடு மேம்படுத்தப்பட்டது’ என்று பூசி மெழுகினால் அவர் பழைய பில்லைத் தேடவே மாட்டார்.

இப்போதெல்லாம் எழுதும் முன் புரோகிராமரிடம் ஒன்று கேட்கிறேன்: “இதற்கு முன் பில்லில் என்ன தெரிந்தது, இனி என்ன தெரியும்?” “ஒன்றும் தெரியாது” என்றால் அது குறிப்பில் வராது.

நேரம் ஆகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். எல்லைக் கடைகளுக்குக் குறிப்பை மலையாளத்திலும் தருவதைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. ஒன்று மட்டும். அந்தப் பழைய டெக்னிக்கல் வரியைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தப் பிழைக்குக் கொடுத்த டிக்கெட் எண்ணோடு அலுவலகத்துக்குள் வைத்திருங்கள், கடைக்காரர் கூப்பிடும்போது போன் எடுப்பவருக்கு அது வேண்டும். நன்றி, வணக்கம்.